உழவரின் பணத்தில் ஆலைக்குக் கடன்

மாசி மாதம் மக்காச்சோளத்தை எடை போட்டுக் கொடுத்த உழவருக்குச் சித்திரை பிறந்தும் பணம் வரவில்லை என்றால், அந்த இரண்டு மாதமும் அவர் யாருக்கோ வட்டியில்லாமல் கடன் கொடுத்திருக்கிறார். கொடுக்கிறீர்களா என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை. அவருடைய சரக்கு அரைபட்டுத் தீவனமாகி, கோழி தின்று, முட்டையும் கறியுமாகச் சந்தைக்குப் போய் வேறொருவர் கையில் பணமாகிவிட்டது. அவரோ நகைக்கடனைத் திருப்ப முடியாமல் இன்னொரு மாத வட்டியைக் கட்டிவிட்டு வருகிறார். இது நடப்பது அவர் பங்குத்தொகை கட்டிச் சேர்ந்த சொந்த உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில். இடைத்தரகரிடமிருந்து அவரை விடுவிப்பதற்காகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது.

கேட்டால் நிறுவனத்தார் ஆலையைக் கைகாட்டுவார்கள். ஆலை தாமதிப்பது உண்மைதான், அதைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. ஆனால் முதல் குற்றம் ஆலையுடையது அல்ல. ஆலை எப்போது பணம் தரும் என்பது ஆவணியிலேயே தெரிந்த செய்தி. அதைத் தாளில் எழுதி, எந்த மாதம் எவ்வளவு பற்றாக்குறை வரும் என்று கணக்கிடாமல் கொள்முதலைத் தொடங்கிய இயக்குநர் குழுதான் முதலில் கடமை தவறியது. பருவத்துக்கான ரொக்க வரவு செலவுத் திட்டம் இல்லாமல் உறுப்பினரின் விளைச்சலைக் கையேற்பது, திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்குவதற்குச் சமம் என்பது நம் கருத்து.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு கடுமையான உண்மை என்று புரியும். மக்காச்சோளச் சாகுபடியில் முன்னணியில் இருக்கும் பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தொகைகள் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. ஆனால் மாதங்களின் வரிசையும் பணம் போய்த் திரும்பும் விதமும் அந்தப் பகுதியில் கொள்முதல் செய்யும் எவருக்கும் பழகியவைதாம்.

உறுப்பினர்கள் 600 பேர். ஆளுக்கு 2,000 ரூபாய் பங்குத்தொகை, அதற்கு ஈடாக மத்திய அரசின் பங்கு மானியம், ஆக 24 லட்சம் ரூபாய். எடைமேடை, ஈரப்பதமானி, கொட்டகை என்று 8 லட்சம் போனபின் ஆகஸ்ட் முதல் தேதி வங்கியில் இருப்பது 16 லட்சம். 400 உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளம் போடுகிறார்கள். புரட்டாசி மழைக்கு முன் விதையும் அடியுரமும் தயாராக இருக்க வேண்டும். பயிர் முளைத்த சில வாரங்களில் படைப்புழுவுக்கு மருந்து வேண்டும். அதன்பின் மேலுரமாக யூரியா. இவ்வளவுக்கும் ஏக்கருக்கு 5,000 ரூபாய் என்றால் மொத்தக் கொள்முதல் 40 லட்சம்.

உரத்தை மொத்த விற்பனையாளர் கடனுக்குத் தருவதில்லை, பணம் கட்டினால்தான் லாரி வரும். விதை நிறுவனங்களும் முன்பணம் கேட்கின்றன. விற்கும்போதோ நிலைமை வேறு. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு என்று அரசு நிர்ணயித்த விலைக்கு மேல் ஒரு காசு வாங்க முடியாது. இதில் கிடைக்கும் கழிவு மிகச் சிறியது. பற்றாக்குறை காலத்தில் யூரியாவோடு வேறு பொருட்களையும் சேர்த்து எடுத்தால்தான் சரக்கு என்று நெருக்குவதும் நடக்கிறது. அப்படித் தலையில் கட்டப்பட்ட நுண்ணூட்டப் பொட்டலங்கள் கிடங்கில் தூசி படிந்து கிடக்கும். கணக்கேட்டில் அவை இருப்புச் சரக்கு, நடைமுறையில் முடங்கிய பணம். ரொக்கத் திட்டத்தில் அவற்றை வரவாக எழுதக் கூடாது.

ஆகஸ்டில் 12 லட்சம், செப்டம்பரில் 20 லட்சம், அக்டோபரில் 8 லட்சம் என்று இடுபொருளுக்குப் பணம் போகிறது. ஐந்து சதவீதம் வைத்து 42 லட்சத்துக்கு விற்கிறார்கள். பாதிப்பேர் ரொக்கம் தருகிறார்கள், மீதிப்பேர் அறுவடையில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எனவே செப்டம்பரில் 10 லட்சமும் அக்டோபரில் 11 லட்சமும்தான் கைக்கு வரும், 21 லட்சம் கடனாக நிற்கும். ஊதியம், வாடகை, மின்கட்டணத்துக்கு மாதம் 50,000 ரூபாய். செப்டம்பர் முடிவில் நிறுவனம் 7 லட்சம் பற்றாக்குறையில் இருக்கிறது. டிசம்பர் முடிவில் 5½ லட்சம். வங்கி 25 லட்சம் வரை ரொக்கக் கடன் வரம்பு கொடுத்திருந்தால் இதுவரை சமாளிக்கலாம். அறுவடை இன்னும் தொடங்கவில்லை.

இடுபொருள் கடனைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். உறுப்பினருக்கு நிறுவனம் தன் தொழில் சார்ந்து தரும் கடன் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் வரையறுத்திருக்கிறது. புரட்டாசியில் கொடுத்த விதைக்கடன் பங்குனிக்குள் முடிந்தாக வேண்டும். நம் கணக்கில் 21 லட்சத்தில் 19 லட்சம் கழிவாகிவிடும் என்றும், 2 லட்சம் நின்றுவிடும் என்றும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். வறட்சியிலோ படைப்புழுத் தாக்குதலிலோ பயிரை இழந்தவர் கட்ட முடியாமல் நிற்பது வேறு, சரக்கை வெளி வியாபாரியிடம் விற்றுவிட்டு நிறுவனத்தின் பாக்கியை மறந்துவிடுவது வேறு. பின்னதைச் செய்பவர் ஏமாற்றுவது பக்கத்துக் காட்டுக்காரரைத்தான். இயக்குநரின் உறவினர் பாக்கியை மட்டும் கேட்காமல் விடும் நிறுவனத்தில் இந்த நோய் வேகமாகப் பரவும்.

இனி அறுவடை. தையில் தொடங்கி மாசியில் உச்சத்துக்கு வருகிறது. 800 ஏக்கரில் விளையும் 16,000 குவிண்டாலில் கால்பங்கை, அதாவது 4,000 குவிண்டாலை நிறுவனம் வாங்குகிறது: ஜனவரியில் 1,000, பிப்ரவரியில் 2,500, மார்ச்சில் 500. உழவருக்கு குவிண்டாலுக்கு 2,200 ரூபாய். சாக்கு, உலர்த்துதல், ஏற்றுக்கூலி, லாரி வாடகை சேர்த்து 100 ரூபாய். நாமக்கல், பல்லடம் பக்கத்துத் தீவன ஆலைக்கு இறக்கிக் கொடுக்கும் விலை 2,350. குவிண்டாலுக்கு மிச்சம் 50 ரூபாய், 4,000 குவிண்டாலுக்கு 2 லட்சம். இலாபக் கணக்கை மட்டும் பார்த்தால் நல்ல பருவம்.

ரொக்கக் கணக்கைப் பாருங்கள். ஜனவரியில் வாங்கிய சரக்குக்கு உரியவர்களுக்கு உடனே பணம் கொடுத்தால், விதைக்கடன் 5 லட்சத்தைக் கழித்தபிறகும், மாத முடிவில் பற்றாக்குறை 24 லட்சம். வங்கி வரம்பில் மிஞ்சுவது ஒரே ஒரு லட்சம். பிப்ரவரியில் 55 லட்சத்துக்குச் சரக்கு வருகிறது. அதில் 12 லட்சம் கடனில் கழியும். மீதி 43 லட்சத்தை உழவர் கையில் கொடுக்க வேண்டும். கூலிக்கும் வாடகைக்கும் நிர்வாகத்துக்கும் 3 லட்சம். ஆலை சொன்னபடி 30 நாளில் ஜனவரிச் சரக்குக்கான 23½ லட்சத்தைக் கொடுத்துவிட்டால் மாத முடிவில் பற்றாக்குறை 46½ லட்சம். அது 60 நாளாக நீண்டால் 70 லட்சம்.

அதாவது ஆலை வாக்குத் தவறாமல் கொடுத்தாலும், 25 லட்ச வரம்பை வைத்துக்கொண்டு மாசியில் சரக்கு கொடுத்தவர்களுக்கு ஏறக்குறைய பாதிப் பணம்தான் கொடுக்க முடியும். ஆலை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் உழவருக்குக் கொடுக்க ஒரு ரூபாய்கூட இருக்காது. லாரி வாடகைக்கே பணம் போதாது. விதைக்கடனைக் கழித்த 12 லட்சம் ஏட்டில் வரவாகத் தெரியும், ஆனால் அது கையில் வரும் பணம் அல்ல. பல நிறுவனங்களில் முதன்மைச் செயல் அலுவலர் தடுமாறும் இடம் இதுதான்.

பற்றாக்குறை முழுவதையும் 12 சதவீத வட்டிக்கு வெளியில் புரட்டினாலும் கதை நல்லபடியாக முடிவதில்லை. ஆலை 30 நாளில் கொடுத்தால் பருவம் முழுவதற்குமான வட்டி சுமார் 92,000 ரூபாய். 60 நாளானால் 1,72,000 ரூபாய். அந்த ஒரு மாதத் தாமதத்தின் விலை 80,000 ரூபாய், குவிண்டாலுக்கு 20 ரூபாய். ஐம்பது ரூபாய் மிச்சத்தில் இருபது ரூபாயை ஆலையின் தாமதம் எடுத்துக்கொண்டுவிட்டது. விலை பேசும்போது இந்த இருபது ரூபாய் பேச்சிலேயே வருவதில்லை. குவிண்டாலுக்கு 15 ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் வாரத்துக்குள் பணம் தரும் ஆலை, 60 நாள் ஆலையைவிட நல்ல வாடிக்கையாளர் என்பதை இந்தக் கணக்கைப் போடாத இயக்குநர் எப்படி அறிவார்?

இந்த ஓட்டை வெளியே தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஆவணி வந்ததும் அடுத்த பருவத்து விதைக்கும் உரத்துக்கும் உறுப்பினர்கள் பணம் கட்டத் தொடங்குவார்கள். அந்தப் பணத்தை எடுத்துப் போன பருவத்துப் பாக்கியைத் தீர்ப்பார்கள். பாக்கி தீர்ந்ததால் புகார் அடங்கும், ஆனால் உர லாரிக்குக் கட்டப் பணம் இருக்காது. விதைப்புக்குப் பத்து நாள் பிந்தி உரம் வரும் நிறுவனத்தில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும். புதிய உறுப்பினரின் விதைப்பணத்தில் பழைய உறுப்பினரின் விளைச்சல் பணத்தைக் கொடுப்பதை நாம் நிர்வாகத் திறமை என்று ஏற்கமாட்டோம். அது நம்பிக்கை மோசடி. எண்ணம் நல்லதாக இருந்தாலும் பெயர் அதுதான்.

இதன் விளைவு அடுத்த தையில் தெரியும். ஊர் வியாபாரி நூறு ரூபாய் குறைத்துக் கேட்டாலும் கதிரடித்த களத்திலேயே நோட்டை எண்ணி வைப்பார். உழவர் அவரிடம் போவார். அதை விசுவாசமின்மை என்று திட்டுவது அநியாயம். கடைக்காரர் பாக்கி, கதிரடி இயந்திர வாடகை, கல்விக்கட்டணம், நகைக்கடன் எல்லாவற்றுக்கும் தேதி இருக்கிறது. தேதி இல்லாதது அவருடைய நிறுவனம் அவருக்குத் தர வேண்டிய பணத்துக்கு மட்டும்தான்.

அப்படியானால் என்ன செய்திருக்க வேண்டும்? ஆவணியில் உட்கார்ந்து, மாத வாரியாக வரவையும் செலவையும் எழுதியிருக்க வேண்டும். வரவைச் சொன்ன தேதியில் எழுதக் கூடாது. போன ஆண்டு உண்மையில் வந்த தேதியில் எழுத வேண்டும். ஆலை “30 நாள்” என்று சொல்வது பெரும்பாலும் சரக்கு இறங்கிய நாளிலிருந்து அல்ல, பில் ஒப்புதலான நாளிலிருந்து. ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல், பூஞ்சை நச்சு, உடைந்த மணி என்று தரக்கழிவுப் பேச்சு முடிந்தபிறகே பில் ஒப்புதலாகும். லாரி ஆலை வாசலைத் தாண்டுமுன் தன் களத்திலேயே ஈரப்பதத்தை அளந்து எழுதி, எடைச்சீட்டோடு இணைத்து அனுப்பாத நிறுவனத்துக்கு அந்தப் பேச்சில் வாதாட எதுவும் இருக்காது. மானியத் தவணையையும் வங்கிக் கணக்கில் ஏறும்வரை வரவாக எழுதக் கூடாது.

அப்படி எழுதியிருந்தால் பிப்ரவரிக் கட்டத்தில் 70 லட்சம் என்ற எண் ஆறு மாதம் முன்பே கண்ணில் பட்டிருக்கும். அதன்பின் நேர்மையான வழிகள் இருக்கின்றன. பிப்ரவரியில் வரும் 2,500 குவிண்டாலைத் தானே வாங்காமல், எடை போட்டு, தரம் பார்த்து, லாரி ஏற்றிக் கொடுக்கும் பணிக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு, பணத்தை ஆலை நேரடியாக உழவர் கணக்கில் செலுத்த ஏற்பாடு செய்யலாம். பணம் எப்போது வரும் என்பதை அறிந்தே உழவர் சம்மதிப்பார். வருமானம் குறையும், வாக்குத் தவறாது. அல்லது நன்றாகக் காய வைத்த சரக்கைப் பதிவுபெற்ற கிடங்கிலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ இருப்பு வைத்து, மின்னணுக் கிடங்கு ரசீதின் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். மதிப்பில் 70 சதவீதம் கிடைத்தால் 55 லட்சத்துக்கு 38½ லட்சம். உழவருக்கு அன்றே பெரும்பகுதியைக் கொடுத்துவிடலாம். பிறகு பணம் கட்டும் ஆலைக்கு, கட்டிய அளவுக்கு மட்டும் சரக்கை விடுவிக்கலாம். கிடங்கு வாடகையும், எடைக்குறைவும், விலை இறங்கும் அபாயமும் இதில் உண்டு. அவற்றையும் எழுதித்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூன்றாவது வழி சட்டத்திலேயே இருக்கிறது. உறுப்பினருக்கு முதலில் ஒரு பகுதி விலையைக் கொடுத்து, மீதியை நிறுத்திவைத்துப் பின்னர் பணமாகவோ பங்காகவோ கொடுக்க இயக்குநர் குழு தீர்மானிக்கலாம் என்று நிறுவனச் சட்டத்தின் உற்பத்தியாளர் நிறுவன அத்தியாயம் அனுமதிக்கிறது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த ஏற்பாடு இது, இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் பணம் இல்லாமல் போனபின் “நிறுத்திவைத்திருக்கிறோம்” என்று சொல்வதற்கு இது மறைப்புத் திரை ஆகாது. எத்தனை சதவீதம், எந்தத் தேதிவரை, பிந்தினால் என்ன வட்டி என்று கொள்முதலுக்கு முன்பே தீர்மானம் போட்டு, கொள்முதல் ரசீதில் தமிழில் அச்சிட்டு, உழவரின் ஒப்புதலோடு செய்தால் அது கூட்டுறவு. சொல்லாமல் செய்தால் அது பறிப்பு.

ஆலைகளுக்கும் அரசுக்கும் சொல்ல வேண்டியது இது. கரும்புக்கு 1966ஆம் ஆண்டுக் கட்டுப்பாட்டு ஆணை 14 நாள் என்று கெடு வைத்தது, பிந்தினால் 15 சதவீத வட்டி என்றது. அந்தக் கெடு மீறப்பட்ட கசப்பு தமிழகக் கரும்பு உழவர்களுக்கு நிறையவே உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்ட உரிமை அவர்களிடம் இருக்கிறது. மக்காச்சோளத்துக்கு அப்படி எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு நிறுவனச் சட்டம் 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது, பிந்தினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. பொருளைப் பதப்படுத்தி விற்று, உத்யம் பதிவும் வைத்திருக்கும் உழவர் நிறுவனம் இதைக் கோரலாம். வாங்கி விற்பவர்களுக்கோ முன்னுரிமைக் கடன் பலன் மட்டும்தான் என்று 2021இல் அரசு அறிவித்துவிட்டது. உழவர்கள் தங்கள் சொந்த விளைச்சலைச் சேர்த்து விற்பதை இடைவணிகமாகக் கருதுவது அநீதி. உறுப்பினரின் விளைச்சலை விற்கும் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு 45 நாள் காப்பை விரிவுபடுத்த வேண்டும். அதற்குச் சிறு திருத்தம் போதும்.

2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டம் மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரை நிர்வாக உதவியும், 15 லட்சம் வரை பங்கு மானியமும் தருகிறது. 2 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாத ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் மாசி மாதத்துக்கான நடைமுறை மூலதனம் உத்தரவாதத் தாளில் வராது. வங்கிக் கிளை மேலாளர் கையெழுத்திட்டால்தான் வரும். அவரோ மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கையும் அடமானமும் கேட்கிறார். மாத வாரி ரொக்கத் திட்டத்தையும் ஆலையின் எழுத்துபூர்வமான கொள்முதல் ஆணையையும் வைத்துக்கொண்டு நான்கு மாதப் பருவக் கடன் தர வங்கிகள் முன்வர வேண்டும். நிறுவனங்களைப் பதிவுசெய்த எண்ணிக்கையை அறிவிக்கும் துறை, அந்த நிறுவனங்கள் உறுப்பினருக்கு எத்தனை நாளில் பணம் கொடுக்கின்றன என்பதையும் மாவட்ட வாரியாக அறிவிக்கட்டும்.

மேலே சொன்ன கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. இடுபொருளில் 2 லட்சம், மக்காச்சோளத்தில் 2 லட்சம், ஆக மொத்த மிச்சம் 4 லட்சம். ஆண்டு நிர்வாகச் செலவு 6 லட்சம். மானியம் இருக்கும் மூன்றாண்டும் இந்தப் பள்ளம் மூடியிருக்கும். நான்காம் ஆண்டு அதை உழவரின் பாக்கியை வைத்து நிரப்பும் ஆசை எவருக்கும் வரும். அப்படி நிரப்பித்தான் ஒரு நிறுவனம் நிற்க முடியும் என்றால் அது நிற்க வேண்டியதில்லை. கொள்முதலைப் பாதியாகக் குறைத்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் சிறிய நிறுவனமே நமக்குப் போதும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுப் பொதுக்குழுவில் இலாப நட்டக் கணக்கைக் கைதட்டி ஏற்குமுன், வரும் பருவத்துக்கான மாத வாரி ரொக்கத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிப்ரவரி மாதத்துக்கு நேரே என்ன எண் எழுதியிருக்கிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுந்து நின்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கொள்முதல் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள்.